பிழைமதிப்பா, புறமதிப்பா? ஒரு கலைச்சொல் வேண்டும்

மலர்விழி: வணக்கம். அட்டவணைத் தரவில் மற்றவற்றோடு ஒட்டாமல் தள்ளி நிற்கும் எண்ணுக்குச் சொல் தேடுகிறேன். ‘பிழைமதிப்பு’ சரியாக வருமா?

இளங்கோ: நன்றாகவே இருக்கிறது. ஓர் எண் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்பதுதானே இசட் மதிப்பு, எப்படியும் அது 3-ஐத் தாண்டினால் தூக்கிவிடுகிறோம். தாண்டாதது நல்ல எண், தாண்டியது பிழை.

சுந்தரம்: இளங்கோ, இந்தப் பத்து எண்களைப் பாருங்கள். ஒரு நிரல் முடிய எடுத்த நொடிகள்:

12, 13, 13, 14, 14, 15, 15, 16, 17, 95

கண்ணுக்கே தெரிகிறது, 95 தனி. ஆனால் சராசரி 22.4, திட்ட விலக்கம் சுமார் 25.6. 95-இன் இசட் மதிப்பு 2.84தான். உங்கள் விதியில் அது தப்பிவிடும். 95-க்குப் பதில் 9500 போட்டாலும் தப்பிவிடும். அந்த எண்ணே சராசரியைத் தன் பக்கம் இழுத்து, விலக்கத்தையும் ஊதிப் பெருக்கிவிடுகிறது. n எண்களில் இசட் மதிப்பு (n−1)/√n-ஐத் தாண்டவே முடியாது. பத்துக்கு அது 2.85.

வரிசைப்படுத்திய தரவை நான்காகப் பிரிக்கும் எண்களை வைத்து வேலி போடும் கால்மான விதி இதில் ஏமாறாது. கீழ் ஐந்தின் நடு எண் 13, மேல் ஐந்தின் நடு எண் 16, இடைவீச்சு 3. அதன் ஒன்றரை மடங்கு 4.5. ஆக மேல்வேலி 20.5, கீழ்வேலி 8.5. 95 வேலிக்கு வெளியே. மென்பொருளுக்கு மென்பொருள் கால்மானக் கணக்கு கொஞ்சம் மாறும், இங்கே முடிவு மாறாது.

ஆனால் வேலிக்கு வெளியே என்பதைத்தான் விதி சொல்கிறது. பிழை என்று சொல்லவில்லை. அந்த 95 நொடி வலையமைப்பு உண்மையிலேயே தடைபட்ட நேரமாக இருக்கலாம். அப்படியானால் நாம் தேட வேண்டியதே அதைத்தான். பெயரிலேயே தீர்ப்பை எழுதிவிட வேண்டாம். ‘புறமதிப்பு’ என்பேன்.

கதிர்: அப்படியென்றால் கால்மான விதியை வைத்து நீக்கிவிடலாம், இல்லையா? என்னிடம் நோயாளிகள் மருத்துவமனையில் தங்கிய நாள்கள் இருக்கின்றன. பெரும்பாலும் 2, 3, 4. சிலர் 40, 60. வேலிக்கு வெளியே நிறையப் பேர் விழுகிறார்கள்.

சுந்தரம்: நீக்காதீர்கள் கதிர். எத்தனை படுக்கை வேண்டும் என்று கணக்கிடுவதானால், படுக்கைகளைப் பிடித்து வைத்திருப்பதே அந்த 60 நாள்காரர்கள்தான். ஒரு பக்கம் வால் நீண்ட தரவில் இந்த விதி சாதாரண எண்களையும் வெளியே தள்ளும். மடக்கை எடுத்துவிட்டு வேலி போட்டுப் பாருங்கள், பலர் உள்ளே வந்துவிடுவார்கள். −3 நாள் என்று ஒரு வரி இருந்தால் அதுதான் பிழை. பதிவேட்டைப் பார்த்துத் திருத்துங்கள், முடியாவிட்டால் விடுபட்டதாகக் குறியுங்கள்.

மலர்விழி: ‘பிழைமதிப்பு’ வேண்டாம், சரி. −3 மாதிரியானவற்றுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

இளங்கோ: பத்து எண்களுக்கு ஒப்புக்கொள்கிறேன். மணி வடிவில் பரவிய ஆயிரக்கணக்கான வரிகளில் இசட் மதிப்பே போதும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். அப்புறம் ‘புறமதிப்பு’ என்றால் வெளியிலிருந்து வந்த தரவு என்று படிக்க மாட்டார்களா? ‘விலகுமதிப்பு’ எப்படி?

மலர்விழி: திட்ட விலக்கம் பக்கத்திலேயே வருகிறதே, குழம்பும். இரண்டையும் பட்டியலில் போடுகிறேன். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.