புதுப்பிப்பு: வயலுக்குப் போகும் தாத்தாவின் இதய மாத்திரை

என் பழைய கேள்வி: “72 வயது தாத்தா. இதய மாத்திரையை மாதாமாதம் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வயலுக்குப் போனால் மறந்துவிடுகிறார். என்ன செய்யலாம்?”

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. மோட்டார் போடும்போது சாப்பிடச் சொன்ன அண்ணன் யோசனையை முதலில் பார்த்தேன். எங்கள் ஊரில் மும்முனை கரண்டு வரும் நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். மாத்திரை நேரமும் கூடவே மாறியது. மோட்டார் இருக்கும் தகரக் கொட்டகைச் சூட்டில் மாத்திரை வைப்பதும் சரியில்லை.

பால் கறப்பதோடு சேர்க்கச் சொன்ன அக்காவின் வழிதான் பலித்தது. மாடு நேரம் தவறாது. சொசைட்டிக்குப் பால் ஊற்றி வந்ததும் கஞ்சி, உடனே மாத்திரை. டப்பா இப்போது பால் கேன் மாட்டும் ஆணிக்குப் பக்கத்து மாடத்தில். முன்பு 30 நாளில் 11 மிஞ்சும். போன மாதம் 2 மிஞ்சின.

எதிர்பாராதது ஒன்று. மூன்றாவது வாரம், களை எடுத்து நிமிர்ந்தவர் தலைசுற்றி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிரஷர் 100/60, நாடி 52. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். அவருடைய இதய மாத்திரை அட்டெனலால் 50. விட்டுவிட்டுச் சாப்பிட்ட காலத்தில் பிரஷர் இறங்கவில்லை என்று கூட்டிய அளவு அது. தினமும் போனதும் அதிகமாகிவிட்டது. டாக்டர் 25 ஆக்கினார். நாமாக நிறுத்தவோ, விட்டதற்கு இரண்டாகப் போடவோ கூடாது என்றும் தாத்தாவிடமே சொன்னார்.

அம்மாவின் சர்க்கரை மாத்திரையைப் பற்றிக் கேட்ட தங்கை, அதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், இது வேறு.

இரவு கொழுப்பு மாத்திரை இன்னும் தவறுகிறது, தண்ணீர் பாய்ச்சப் போகும் நாட்களில்.