நாணின் நீளம் விட்டத்தை விடப் பெரிதாக வருகிறது, எங்கே தப்பு?

செல்வி: மகளுக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். வட்டத்தின் விட்டம் 34 செ.மீ., மையத்திலிருந்து நாணுக்கு உள்ள தூரம் 8 செ.மீ., நாணின் நீளம் என்ன? நாங்கள் போட்டது இது:

34² − 8² = 1092
√1092 ≈ 33.05
2 × 33.05 = 66.1

புத்தகத்தில் விடை 30. யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

பிரபு: வட்டத்தில் விட்டத்தை விட நீளமான நாண் கிடையாது, அதனால் 66 வரவே வராது. கடைசியில் 2ஆல் பெருக்கியதுதான் தப்பு. 33.05 சரியாக இருக்கும், புத்தகத்தில் அச்சுப்பிழையோ என்னவோ.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்: விட்டத்தோடு ஒப்பிட்டது நல்ல சோதனை தம்பி, ஆனால் புத்தகம் சரிதான். செல்வி அம்மா, படம் வரைந்து மையத்திலிருந்து நாணின் ஒரு முனைக்குக் கோடு போடுங்கள். அதுதான் செங்கோண முக்கோணத்தின் கர்ணம். அது ஆரம், அதாவது 17. மறுமுனைக்கும் ஒரு கோடு போட்டால் அதுவும் 17. இரண்டு முக்கோணங்களுக்கும் நடுவில் உள்ள 8 பொது. அதனால் மீதிப் பக்கங்களும் சமம், செங்குத்து நாணைச் சரிபாதியாக வெட்டுகிறது. 289 − 64 = 225, வர்க்கமூலம் 15. இது பாதி நாண் என்பதால் இரண்டால் பெருக்கியே ஆகவேண்டும்: 30.

பிரபு சொன்னபடி பெருக்காமல் விடவும் வழி உண்டு. விட்டத்தை வைத்தே போடுவதென்றால் 8ஐயும் 16 ஆக்க வேண்டும். 34² − 16² = 900, நேராக 30 வந்துவிடும். ஒன்றை முழுசாகவும் இன்னொன்றைப் பாதியாகவும் கலந்ததுதான் இங்கே சிக்கல்.

செல்வி: விட்டம் என்று கொடுத்ததை ஆரமாக எடுத்துவிட்டோம், புரிந்தது சார். நன்றி.

முருகன்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கிடையாகப் போட்ட 100 செ.மீ. சிமெண்ட் குழாயில் 20 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. மேல்மட்ட அகலம் வேண்டும். 50² − 20² போட்டு 91.7 எடுத்தேன், உள்ளே குச்சி வைத்தால் அவ்வளவு அகலம் இல்லை.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்: 20 என்பது அடியிலிருந்து அளந்தது. மையத்திலிருந்து தூரம் 50 − 20 = 30. 2500 − 900 = 1600, பாதி அகலம் 40, முழு அகலம் 80. தண்ணீர் 80 செ.மீ. ஏறினாலும் இதே அகலம்தான் வரும், அப்போது மையத்துக்கு மேலே 30. அந்த 100 குழாயின் உள் விட்டம்தானே?

முருகன்: வெளியே டேப் வைத்து எடுத்தது சார். குச்சியில் 70க்குக் கிட்ட வந்த மாதிரி ஞாபகம். சுவர்க் கனத்தை இனிமேல்தான் அளக்கணும்.

பிரபு: அப்படியானால் ஆரம் 50 கிடையாது, 80உம் வராது. கனம் தெரிந்ததும் போடுங்கள்.