பொருள்: "அகத்தெதிர்க் கோணங்கள்" என்ற சொல்லுக்கு மாற்று வேண்டுமா?

அனுப்பியவர்: கணித ஆசிரியை, நல்லூர்

அன்புடையீர்,

முக்கோணியின் ஒரு பக்கத்தை நீட்டுவதால் உண்டாகும் புறக்கோணம் அதன் அகத்தெதிர்க் கோணங்கள் இரண்டினதும் கூட்டுத்தொகைக்குச் சமன் என்ற தேற்றத்தை ஆண்டுதோறும் கற்பித்து வருகிறேன். தேற்றத்தை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைகளே கோணங் காணும் பயிற்சியில் தவறான இரண்டு கோணங்களைக் கூட்டிவிடுகிறார்கள். இதற்குச் சொல்லும் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் அண்மையில் எனக்கு வலுத்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

வகுப்பில் கொடுத்த கணக்கு இது. ABC ஒரு முக்கோணி. BC இன் மீது D என்ற புள்ளி, BD = AD ஆகவும் AD = AC ஆகவும் இருக்குமாறு உள்ளது. BA ஆனது E வரை நீட்டப்பட்டுள்ளது. ∠EAC = 105° எனின், ∠ABC ஐக் காண்க.

∠ABD ஐ x என்று கொண்டால், ABD இருசமபக்க முக்கோணி ஆதலால் ∠BAD உம் x ஆகும். ABD இன் பக்கமாகிய BD ஆனது C வரை நீண்டு கிடப்பதால் ∠ADC அந்தச் சிறிய முக்கோணியின் புறக்கோணம். ஆகவே அது 2x. AD = AC ஆதலால் ∠ACD உம் 2x. இப்போது பெரிய முக்கோணி ABC இற்கு வந்தால், அதன் புறக்கோணம் ∠EAC = x + 2x = 3x. எனவே 3x = 105°, x = 35°.

ஒரே தேற்றம் இரண்டு முக்கோணிகளில் இரண்டு முறை வருகிறது என்பதற்காகவே இக்கணக்கைத் தெரிந்தெடுத்தேன். பின்வாங்கிலிருந்த ஒரு பிள்ளை E இன் பக்கம் ஒரு விரலை வைத்து, மற்ற விரலால் ∠BAC ஐத் தொட்டு, "இதுதானே ரீச்சர், அகத்துக்கு எதிராக இருக்கிறது?" என்று கேட்டாள். அவள் சொல்லைப் பிரித்த விதத்தில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அமெரிக்கப் பாடநூல்கள் இவற்றைத் தொலைவிலுள்ள அகக்கோணங்கள் என்ற கருத்தில் வழங்குகின்றன. அதையொட்டி "சேய்மை அகக்கோணங்கள்" என்று சொல்லலாமா? அண்மைச் சுட்டு, சேய்மைச் சுட்டு என்று தமிழ்ப் பாடத்தில் பிள்ளைகள் ஏற்கெனவே படித்திருப்பதால், புறக்கோணத்தோடு ஒட்டியிருப்பதை "அண்மை அகக்கோணம்" என்று இணையாக வழங்கவும் முடியும்.

மறுமொழி: மொழிபெயர்ப்பாளர், சென்னை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் புறக்கோணத்தை வெளிக்கோணம் என்றும், அகத்தெதிர்க் கோணங்களை உள்ளெதிர்க் கோணங்கள் என்றும் எழுதுகிறோம். "உள்" என்ற சொல்லில் "அத்து" என்ற சாரியை இல்லாததால் "அகத்துக்கு எதிர்" என்று பிரித்துப் படிக்க இடமே எழாது. ஆகவே புதுச்சொல் படைப்பதைவிட உள்ளெதிர்க் கோணம் என்பதை இரு நாட்டிலும் பொதுவாக்குவதே எளிது என்பது என் எண்ணம். "சேய்மை" எனக்கு ஒரு தயக்கத்தைத் தருகிறது. தொலைவு என்றவுடன் பிள்ளை அடிமட்டத்தை எடுத்து, எந்த உச்சி எத்தனை சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினால் என்ன செய்வீர்கள்? AC மிகக் குறுகிய பக்கமாக இருந்தால் C ஆனது A இற்கு அருகில்தானே இருக்கும்?

மறுமொழி: ஒரு தாய், சாவகச்சேரி

வணக்கம் ரீச்சர். எதிர்க்கோணத்தைப் பற்றிக் கதைப்பதால் என் மகளின் கொப்பியில் உள்ள ஒரு கணக்கையும் இங்கே கேட்கிறேன். ABC என்ற முக்கோணியில் BC ஐ D வரைக்கும், AC ஐ F வரைக்கும் நீட்டியிருக்கிறார்கள். A 50°, B 65°. மகள் ∠DCF ஐப் புறக்கோணம் என்று எடுத்து 115° என்று எழுதினாள்; விடையில் 65° என்று இருக்கிறது. இரண்டு கோணங்களையும் கூட்டினால் 115 வருவது சரிதானே? புத்தகத்தில் அச்சுப்பிழை விழுந்திருக்குமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வட்டுக்கோட்டை

முதலில் தங்கைக்கு விடை சொல்லிவிடுகிறேன். புத்தகம் சரி. C என்ற உச்சியில் இரு பக்கங்களும் நீட்டப்பட்டிருப்பதால் அங்கே இரண்டு புறக்கோணங்கள் உண்டு: ஒன்று ∠ACD, மற்றது ∠BCF. இரண்டும் 115°. அவற்றுக்கு நடுவே கிடக்கும் ∠DCF முக்கோணிக்கு வெளியே இருந்தாலும் புறக்கோணம் அன்று; அது ∠ACB இன் குத்தெதிர்க் கோணம், ஆகவே 180° − 115° = 65°. புறக்கோணம் என்றால் அதன் ஒரு புயம் முக்கோணியின் பக்கமாகவும் மற்றது இன்னொரு பக்கத்தின் நீட்சியாகவும் இருக்க வேண்டும். ∠DCF இன் இரண்டு புயங்களும் நீட்சிகளே. மகளிடம் அந்தப் புயங்கள் இரண்டையும் பென்சிலால் தடித்து வரையச் சொன்னால் அவளே கண்டுகொள்வாள்.

இந்தக் கேள்வி வேறு இடத்திலிருந்து வந்தாலும் நம் விவாதத்தின் நடுவிலேயே விழுந்திருக்கிறது. "எதிர்" என்ற ஒரு சொல்லை நாம் எத்தனை இடத்தில் வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். குத்தெதிர்க் கோணம் என்கிறோம். பக்கத்துக்கு எதிரான கோணம் என்கிறோம். நாற்பக்கலில் எதிர்க்கோணங்கள் என்கிறோம். முக்கோணியில் அகத்தெதிர் என்கிறோம். சென்னை அன்பர் சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடு. "உள்ளெதிர்" என்பது சாரியையால் வரும் மயக்கத்தை நீக்குகிறது. ஆனால் "எதிர்" அப்படியே இருக்கிறது.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அது பழுதான சொல் அன்று. யூக்கிளிட்டின் முதலாம் நூலில் 16 ஆம், 32 ஆம் எடுப்புகள் இக்கோணங்களை "உள்ளேயும் எதிரேயும் இருப்பவை" என்று இரண்டு தன்மைகளால் அடையாளம் காட்டுகின்றன. ஆங்கிலேயரின் பாடநூல் வழக்கும் அதையே பின்பற்றியது. நமக்கு வந்ததும் அதுதான். "அகத்தெதிர்" என்பதை அகத்தே உள்ள எதிர்க்கோணம் என ஏழாம் வேற்றுமையில் விரிக்க வேண்டும். ஆசிரியையின் மாணவி அகத்துக்கு எதிர் என நான்காம் வேற்றுமையில் விரித்திருக்கிறாள். தொகைச்சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் வட்ட நாற்பக்கலில் வருகிறது. அங்கே புறக்கோணம் அகத்தெதிர்க் கோணத்துக்குச் சமன் என்று அதே சொல்லால் ஒரே ஒரு கோணத்தைச் சொல்கிறோம். இதைப் படித்த பிள்ளை முக்கோணிக்குத் திரும்பி வந்து ஒற்றைக் கோணத்தைச் சமன்படுத்துவதை நான் பல விடைத்தாள்களில் பார்த்திருக்கிறேன். ஆசிரியையின் கணக்கில் ∠EAC = ∠ACB என்று எழுதினால் 2x = 105°, x = 52.5° என்று வரும். அப்போது ADC என்ற முக்கோணியில் D இல் 105°, C இல் 105°. இரண்டே 210° ஆகிவிடுவதால் அப்படியொரு முக்கோணி இருக்க முடியாது. விடையை உருவத்தில் திரும்ப இட்டுப் பார்த்தால் பிழை உடனே வெளிப்படும். 35° ஐ இட்டால் 70°, 70°, 40° என்று முக்கோணி மூடுகிறது.

எந்தக் குவிவு நாற்பக்கலிலும் D இல் உள்ள புறக்கோணம், மற்ற மூன்று அகக்கோணங்களின் கூட்டுத்தொகையிலிருந்து 180° ஐக் கழித்தால் வருவது:

```
D இன் புறக்கோணம் = A + B + C − 180°
```

நாற்பக்கல் வட்டத்தில் அமைந்தால் A + C = 180° ஆகிவிடும்; எஞ்சுவது D இற்கு எதிரே உள்ள B மட்டுமே. அங்கே "எதிர்" என்ற சொல் தன் முழுப் பொருளோடு நிற்கிறது. முக்கோணியில் அந்தப் பொருள் இல்லை. அங்கே ஓர் உச்சிக்கு எதிரே இருப்பது பக்கம், உச்சி அன்று. ஆகவே நாற்பக்கலுக்கு "எதிர்" இருக்கட்டும், முக்கோணிக்குச் "சேய்மை" வரட்டும் என்றால் நான் மறுக்கமாட்டேன்.

மறுமொழி: பொறியியல் மாணவர், கிளிநொச்சி

ஐயா, "அடுத்திராக் கோணங்கள்" என்றால் அடிமட்டச் சிக்கலும் வராது, "எதிர்" என்ற சொல்லும் தேவையில்லை. அடுத்துள்ள கோணம் என்ற வழக்கு ஏற்கெனவே இருக்கிறது. முக்கோணியில் புறக்கோணத்துக்கு அடுத்துள்ள அகக்கோணம் ஒன்றே ஒன்று, மற்ற இரண்டும் அடுத்திராதவை. இதில் பிழைவிட வழியே இல்லை என்று நினைக்கிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வட்டுக்கோட்டை

தம்பி, தனித்து நிற்கும் முக்கோணிக்கு நீர் சொல்வது முற்றிலும் பொருந்தும். மேலே உள்ள உருவத்தில் வைத்துப் பாரும். ∠ADC என்ற புறக்கோணத்துக்கு ∠ACD உம் அடுத்திராதது, ∠DAC உம் அடுத்திராதது. ஆனால் அவை ABD இன் கோணங்களே அல்ல. நான் கண்ட பிழைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் நடக்கிறது. ∠ADC பெரிய முக்கோணிக்கு உள்ளே கிடப்பதால் அதைப் புறக்கோணம் என்று நம்பவே பல பிள்ளைகள் தயங்குகிறார்கள். நம்பியவர்களும் எந்த முக்கோணிக்குப் புறம் என்று கேட்பதில்லை. சொல் எதுவானாலும் அதற்கு முன்னால் முக்கோணியின் பெயர் வராவிட்டால் பயனில்லை.

மறுமொழி: கணித ஆசிரியை, நல்லூர்

அனைவருக்கும் நன்றி. ஐயா சொன்ன பிறகு கொப்பிகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தவறவிட்டவர்களில் சிலருக்குச் சொல் தடையாக இருக்கவில்லை. அவர்கள் முக்கோணியையே மாற்றி எடுத்திருந்தார்கள். ஒரு கொப்பியில் ∠ADC = ∠ACD + ∠DAC என்று அழகான எழுத்தில் இருந்தது. அந்தப் பிள்ளை, அடுத்திராத இரண்டைத்தான் கூட்டியிருக்கிறாள்.

சென்னை அன்பரின் அடிமட்டக் கேள்விக்கு என்னிடம் முழுமையான மறுமொழி இல்லை. சேய்மை என்பதை நீளத்தால் அளக்காமல், புறக்கோணத்தின் உச்சியில் இல்லாதது என்ற அளவிலேயே கொள்ள வேண்டும் என்று வகுப்பில் சொல்லிவைக்க வேண்டியிருக்கும். அப்படி ஒரு விளக்கத்தை இழுத்துக்கொண்டு வரும் சொல் நல்ல சொல்தானா என்பதை இன்னும் யோசிக்கிறேன்.

அடுத்த கிழமை முதல் ஒரு வகுப்பில், காரணத்தை இப்படி எழுதவைத்துப் பார்க்கப் போகிறேன்:

```
△ABD இல், ∠ADC = ∠ABD + ∠BAD
(D இன் புறக்கோணம் = சேய்மை அகக்கோணங்களின் கூட்டுத்தொகை)
```

மற்ற வகுப்பில் அகத்தெதிர் என்ற சொல்லையே வைத்துக்கொண்டு, முக்கோணியின் பெயரை மட்டும் முன்னால் எழுதவைப்பேன். ஒரு தவணை முடிவில் இரண்டு வகுப்புக் கொப்பிகளையும் ஒப்பிட்டால், திருத்தம் சொல்லால் வந்ததா முக்கோணியின் பெயரால் வந்ததா என்பது ஓரளவு தெரியவரும்.

ஒன்றுதான் கவலை. சாதாரண தரப் பரீட்சையில் கூற்றுக்குக் காரணம் எழுதவேண்டிய இடத்தில் "சேய்மை" என்று ஒரு பிள்ளை எழுதிவிட்டால், திருத்துபவர் அதை ஏற்று அந்தப் புள்ளியைக் கொடுப்பாரா? விடைத்தாள் திருத்தும் பணியில் இருந்தவர்கள் யாராவது இக்குழுவில் இருந்தால் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அது தெரியும்வரை, பரீட்சைக்கு அமரும் பிள்ளைகளிடம் பழைய சொல்லையே எழுதச் சொல்வேன்.