படமெடுத்த பாடப்பக்கத்தின் எளிய ஆங்கில வடிவுக்கு ஒரு சொல் வேண்டும்

கோமதி, செவ்வாய் காலை

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை ஒரு வழிகாட்டித் தாள் அச்சுக்குப் போக வேண்டும். அதில் ஒரு தலைப்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

தமிழ்நாட்டில் தமிழ்வழியில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பிள்ளை இங்கிலாந்துப் பள்ளிக்கு மாறுகிறது. கையில் இருப்பது ஏழாம் வகுப்பு அறிவியல் நூல், 'விசையும் இயக்கமும்' பாடம். தன்னார்வலர் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, எழுத்தை எடுத்து, பிறகு எளிய ஆங்கிலத்தில் எழுதித் தருவார். முதலிரண்டு படிகளுக்குப் பெயர் இருக்கிறது: படமெடுப்பு, எழுத்துணர்வு. மூன்றாவதற்கு 'எளிமொழிபெயர்ப்பு' என்று போட்டேன். வினை அங்கேதான்.

அதை எளிமொழி + பெயர்ப்பு என்று படித்தவர்கள் எளிய மொழிக்கு மாற்றினார்கள். எளி + மொழிபெயர்ப்பு என்று படித்தவர்கள் சொல்லுக்குச் சொல் போட்டு வேலையை எளிதாக முடித்துவிட்டார்கள். ஒருவர் 'திசைவேகம்' என்பதை 'டைரக்‌ஷன் ஸ்பீட்' ஆக்கியிருக்கிறார். இன்னொருவர் 'இடப்பெயர்ச்சி'யை எளிமைப்படுத்துகிறேன் என்று வீடு மாறுவதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டார். இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியருக்கு இரண்டுமே விளங்காது.

நமக்கு வேண்டியது இது: கலைச்சொல் அந்தப் பள்ளியில் புழங்கும் சொல்லாகவே நிற்கவேண்டும், அதைச் சுற்றியுள்ள வாக்கியம் மட்டும் இளகவேண்டும். இந்த இரண்டையும் ஒருங்கே சொல்லும் பெயர் தாருங்கள்.

இளஞ்செழியன், செவ்வாய் பிற்பகல்

அம்மா, 'மொழிபெயர்ப்பு' என்ற சொல்லின் வேரைப் பிடித்தால் வழி தெரியும். குறுந்தொகை 11இல் மாமூலனார் 'மொழிபெயர் தேஎத்தர் ஆயினும்' என்கிறார். அங்கே பெயர்வது நூல் அல்ல, நிலம். ஓர் எல்லையைத் தாண்டினால் மொழி மாறிவிடுகிறது. நீங்கள் சொல்லும் பிள்ளையே மொழிபெயர் தேயத்தில்தான் நிற்கிறது.

அடுத்துத் தொல்காப்பியம், மரபியல். வழிநூலின் நான்கு வகையில் கடைசியானது 'மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்'. வெறுமனே மொழிபெயர்த்தல் என்று ஆசிரியர் நிறுத்தவில்லை. அதர் என்றால் வழி, நெறி. மாற்றியதைப் படிப்பவன் நடக்கும் வழியில் ஒழுங்குபடக் கட்டவேண்டும். உங்கள் மூன்றாம் படி இதுதான். ஆகவே 'அதர்ப்பெயர்ப்பு'. அதரிடை, அதர்கோள் என்று இலக்கியத்தில்...

பாலு, செவ்வாய் இரவு

அண்ணா, அதர்கோள் அப்புறம். 'அதர்' என்றதும் பாதிப் பேர் 'அதர் லாங்குவேஜ்' என்று நினைப்பார்கள்.

என் கணக்கில் கோளாறு பெயரில் இல்லை, படத்தில். நூலின் பிடிஎஃப் இணையத்தில் கிடைத்தாலும் அதிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் பலமுறை குப்பைதான் வருகிறது. எழுத்துரு யூனிகோடுக்கு ஒழுங்காகப் பொருந்தவில்லை. அதனால்தான் படமெடுக்கிறோம். அந்தப் படத்தை இரண்டு பக்கத்தையும் விரித்துவைத்து ஒரே சொடுக்கில் எடுக்கிறார்கள். 12 மெகாபிக்சல் படத்தின் நீளப் பக்கம் 4000 புள்ளி. ஏ4 தாள் ஒன்றை அதில் நிரப்பினால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 340 கிடைக்கும், போதும். இரண்டு பக்கம் என்றால் 240க்கு இறங்கிவிடும், 300 வேண்டும். குறைந்தால் முதலில் காணாமல் போவது நம் மெய்யெழுத்தின் புள்ளி. 'பக்கம்' என்பது 'பககம' ஆகிவிடும். ள, ல தடுமாறினால் ஒளி ஒலியாகிவிடும், இயற்பியலில் இது விளையாட்டில்லை. முதுகுத் தையல் பக்கம் வளைந்த வரிகளில் இன்னும் மோசம். புத்தகத்தை மடக்காமல் அந்த விளிம்பில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தி, விளக்கைப் பக்கவாட்டில் வைத்து எடுங்கள். பிறகு படத்திலிருந்து எழுத்தை எடுக்க இந்தக் கட்டளை:

```
tesseract pakkam.jpg pakkam -l tam+eng --psm 4
```

கட்டம் கட்டிய 'உங்களுக்குத் தெரியுமா' பகுதிகளைத் தனியாக வெட்டி `--psm 6` கொடுங்கள். இல்லாவிட்டால் பாடத்தின் நடு வாக்கியத்துக்குள் கட்டத்தின் வரி புகுந்துவிடும். எழுத்து சுத்தமாக வந்தால் மொழிபெயர்ப்பு தானே சரியாகிவிடும்.

கோமதி, புதன் காலை

பாலு, படம் பற்றிச் சொன்னதை அப்படியே தாளில் சேர்த்துக்கொள்கிறேன். ஒன்று கூடுதலாக: முடுக்கத்தின் அலகில் 'மீ/வி²' என்பதன் மேலெழுத்து 2 கீழே இறங்கி 'மீ/வி2' ஆகிவிடுகிறது. அதைக் கண்ணால்தான் பிடிக்கமுடியும்.

கடைசி வரியை மட்டும் ஏற்கமுடியவில்லை. புள்ளி ஒன்றுகூடத் தவறாமல் வந்த ஒரு வாக்கியம் இதோ, பாடநூல் நடையில்: 'தொடக்க நிலையிலிருந்து இறுதி நிலைவரை குறிப்பிட்ட திசையில் அளக்கப்படும் மிகக் குறைந்த நேர்கோட்டுத் தொலைவு இடப்பெயர்ச்சி எனப்படும்.' நமக்கு இது பழகிய ஓட்டம், சொல்லவந்த பொருள் கடைசியில் வந்து இறங்கும். இதே வரிசையில் ஆங்கிலமாக்கினால் பிள்ளை நடுவிலேயே மூச்சுவிட்டுவிடும். நான் உடைத்தது இப்படி: ஒருவன் 4 மீட்டர் வடக்கே நடக்கிறான். பிறகு 3 மீட்டர் கிழக்கே நடக்கிறான். நடந்த தொலைவு 7 மீட்டர். தொடங்கிய இடத்திலிருந்து முடித்த இடத்துக்கு நேர்கோடு போடு, 5 மீட்டர். அந்த 5 மீட்டரும் அதன் திசையும் சேர்ந்ததுதான் டிஸ்பிளேஸ்மென்ட். ஒவ்வொன்றும் பத்துச் சொல்லுக்குள், ஒவ்வொன்றிலும் ஒரு செய்தி, கலைச்சொல் கடைசியில் ஒரே தடவை, தடித்த எழுத்தில். தமிழில் 'இடப்பெயர்ச்சி' என்று ஓரத்தில் இருக்கும்.

சிவநேசன், புதன் மாலை

இதைப் பாத்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியேல்லை. தங்கச்சி, உங்கட தாளில 'வேகம்' எண்டால் என்ன?

இலங்கைத் தமிழ்ப் பாடநூலில் ஸ்பீட்டுக்குக் கதி, வெலாசிட்டிக்கு வேகம், அக்ஸலரேஷனுக்கு ஆர்முடுகல். உங்கட நூலில் ஸ்பீட்தான் வேகம், மற்ற இரண்டும் திசைவேகம், முடுக்கம். உங்கட உதாரணத்தையே எடுங்கோ. அவன் 7 செக்கனில் நடந்தான் எண்டு வைப்பம். 'சராசரி வேகம் என்ன?' எண்டு கேட்டால் தமிழ்நாட்டுப் பிள்ளை 7ஐ 7ஆல் பிரிச்சு 1 மீ/செக்கன் எண்டு எழுதும். எங்கட பிள்ளை 5ஐ 7ஆல் பிரிச்சு 0.71 எண்டு எழுதி, திசையையும் சொல்லும். இரண்டும் சரி. படத்தைப் பாத்து எழுதுறவருக்கு நூல் எந்த நாட்டது எண்டு தெரியாட்டில், ஒரு பிள்ளைக்குப் பிழை போகும்.

லண்டனில எங்கட சனமும் இந்தத் தாளைப் பாவிப்பினம். நான் இதே நூல்களை வைச்சுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறன், அதால்தான் கேக்கிறன்.

ராஜம், புதன் இரவு

குழந்தைக்கு ஏன் ஆங்கிலம் திணிக்கவேண்டும்? தமிழிலேயே படித்துவிட்டுப் போகட்டும். இங்கே நம் குழந்தைகள் தமிழ் மறந்துபோவதுதான் கவலை.

கோமதி, வியாழன் காலை

ராஜம் அம்மா, தமிழை எடுக்கவில்லை. அங்குள்ள ஆசிரியர் இந்தப் பிள்ளைக்கு எதெல்லாம் ஏற்கெனவே தெரியும் என்று பார்க்கத்தான் இந்தத் தாள். இங்கிலாந்தில் 11 முதல் 14 வயதுப் பாடத்திட்டத்தில் ஸ்பீட் வருகிறது; வெலாசிட்டியும் டிஸ்பிளேஸ்மென்ட்டும் பெரும்பாலும் அடுத்த கட்டத்தில்தான். நம் பிள்ளை முன்னாலேயே படித்துவிட்டு உட்கார்ந்திருக்கும், ஆங்கிலம் வராததால் பின்தங்கியதாகக் கணக்கில் விழும். ஓரத்தில் தமிழ் இருக்கும்.

சிவநேசன் அண்ணா, நன்றி. தாளின் தலையில் 'நூல்: தமிழ்நாடு / இலங்கை' என்று ஒரு கட்டம் போடுகிறேன். அது இல்லாமல் யாரும் 'வேகம்' என்ற சொல்லைத் தொடக்கூடாது.

புவனா, வியாழன் பிற்பகல்

பெயருக்கு வருவோம், நாளை வெள்ளி. 'எளிய ஆங்கிலப் படி' என்று வைக்கலாமே? படி என்றால் நகல், மூலத்தின் படி, கைப்படி. எல்லாருக்கும் புரியும்.

இளஞ்செழியன், வியாழன் மாலை

புவனா, அச்சில் இடைவெளி விழாமல் 'எளிய ஆங்கிலப்படி' என்று வந்தால் 'எளிய ஆங்கிலத்தின்படி' என்று பொருள் மாறும். ஏவலாகப் பிரித்தால் ஆங்கிலம் படி என்று கட்டளையாகிவிடும். ஓர் இடைவெளியை நம்பி நிற்கும் கலைச்சொல் எதற்கு? தவிர, நகல் என்ற பொருளில் படி என்றால் மாற்றம் ஏதும் இல்லை என்றாகும், நாம் வாக்கியத்தையே உடைக்கிறோம்.

'எளிபெயர்ப்பு' என்றும் யாரோ தனிமடலில் கேட்டார்கள். 'எளிமை' ஈறு கெட்டு எளி நிற்கும், சரி. பிறகு வல்லினம் மிகுமா? பொதுப்பணியில் மிகுகிறது, சிறுகதையில் மிகவில்லை. எளிப்பெயர்ப்பா, எளிபெயர்ப்பா என்று இன்னும் ஒரு வாரம் போகும். அதர் என்றால் இந்தச் சிக்கலே இல்லை.

புவனா, வியாழன் இரவு

அப்படியானால் உரையாசிரியர்களிடமே போவோம். பதவுரை சொல்லைப் பிடிக்கும், பொழிப்புரை வாக்கியத்தின் பொருளைத் திரட்டிச் சொல்லும். நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடத் திருக்குறளுக்குப் பொழிப்பு எழுதியிருக்கும். கோமதி செய்வது பொழிப்பு. 'எளிய ஆங்கிலப் பொழிப்பு'.

இளஞ்செழியன், வியாழன் இரவு

பொழிப்பில் சொல் தொலையும். 'இடப்பெயர்ச்சி' எங்கே போனது என்று எவரும் கேட்கமாட்டார். நமக்குத் தேவை கலைச்சொல் நிற்கவேண்டும் என்பது. பொழிப்பு என்று பெயர் வைத்தால் 'வீடு மாறுதல்' திரும்பி வரும்.

பாலு, வெள்ளி காலை

அதற்குத்தான் தாளில் ஓரத்தில் கலைச்சொல் கட்டம் இருக்கிறதே அண்ணா. பொழிப்புக்கு என் ஓட்டு. புரிந்தது, அது போதும்.

சிவநேசன், வெள்ளி காலை

எங்கட பக்கமும் பொழிப்பு எண்டால் விளங்கும். அதர் விளங்காது.

கோமதி, வெள்ளி மதியம்

நான்கு பேர் பொழிப்பு, ஒருவர் அதர், ராஜம் அம்மா தமிழ். 'எளிய ஆங்கிலப் பொழிப்பு' என்று அச்சுக்கு அனுப்புகிறேன். இளஞ்செழியன் ஐயா சொன்ன அச்சம் நியாயமானது, அதனால் தலைப்புக்குக் கீழே ஒரே வரி: 'ஓரக் கட்டத்தில் உள்ள சொல்லை மாற்றாதீர்கள், மற்றதை உடைத்து எழுதுங்கள்.'

இளஞ்செழியன், வெள்ளி மாலை

ஒரு வரி விளக்கம் தேவைப்படும் பெயர் பெயரே அல்ல என்பது என் பதிவு. அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

பாலு, வெள்ளி இரவு

அச்சுக்குப் போய்விட்டதா? ஒன்றை மறந்தோம். ஒளியின் வேகம் நூலில் நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் என்று இருந்தால் அந்தக் காற்புள்ளியை 300,000 என்று மாற்றச் சொல்லுங்கள். 3,00,000ஐப் பார்த்து அங்குள்ள ஆசிரியர் அச்சுப்பிழை என்று சுழித்துவிடுவார்.