‘டைட்டில் சேஃப்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

அனுப்பியவர்: மண்டபம் எடிட்டர்

எல்லோருக்கும் வணக்கம். மீனவர்களுக்கான வானிலை எச்சரிக்கையை ஒரே வீடியோ அட்டையாகச் செய்து கேபிளுக்கும் வாட்ஸ்அப்புக்கும் கொடுத்துவருகிறோம். அட்டை செய்யும் பசங்களுக்காக ஒரு பக்கக் குறிப்பு எழுதிச் சுவரில் ஒட்டலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். எழுத்து எந்தக் கோட்டுக்குள் நிற்க வேண்டும், அந்தக் கோட்டுக்குப் பெயர் என்ன? அப்படியே பெயர்த்தால் ‘தலைப்புப் பாதுகாப்புப் பகுதி’ என்று வருகிறது. படிக்கிறவர்கள் கடலோரக் காவல் படை சம்பந்தப்பட்டது என்றுதான் நினைப்பார்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், சமீபத்தில் ஓர் உள்ளூர் சேனலில் ஓடிய அட்டை. முதல் வரி ‘மன்னார் வளைகுடாவில் காற்று மணிக்கு’. இரண்டாவது வரி ‘55 கி.மீ. வரை வீசும்’. இரண்டுமே இடப்பக்கம் ஒட்டி நின்றன. டீக்கடையில் இருந்த, ஓரத்தை வெட்டுகிற பழைய டிவிப் பெட்டியில் மேல்வரி ‘ன்னார்’ என்று தொடங்கியது, கீழ்வரி ‘5 கி.மீ. வரை வீசும்’ என்று. ‘ன்னார்’ என்று பார்த்தால் யாரும் சரியாகப் படித்துவிடுவார்கள். 55 என்பது 5 ஆகிவிட்டால் அதைக் கண்டுபிடிக்க அங்கே ஒன்றுமே இல்லை.

சொல் வேண்டும். அளவும் வேண்டும்.

அனுப்பியவர்: தேவிபட்டினம் தம்பி

அக்கா, ‘பாதுகாப்பு ஓரம்’ போதுமே. அளவும் சிக்கல் இல்லை. ஒவ்வொரு பக்கமும் 5 விழுக்காடு. 1920க்கு 1080 சட்டத்தில் இடம் வலம் 96 பிக்சல், மேல் கீழ் 54 பிக்சல். ஓரத்தை வெட்டுகிற டிவி எல்லாம் போய்விட்டது. இப்போது எல்லா வீட்டிலும் எல்.இ.டி.தான். எழுத்தைத் திரையின் நடு 80 விழுக்காட்டுக்குள் வைப்பது தாத்தா காலத்துக் கணக்கு.

அனுப்பியவர்: தங்கச்சிமடம் ஐயா

தம்பி சொல்லும் 5 விழுக்காடு தப்பில்லை. எச்.டி. வந்தபிறகு 2009இல் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கமான எஸ்.எம்.பி.டி.இ. வெளியிட்ட தரத்தில் எழுத்துக்கு 90 விழுக்காடு, நடமாட்டத்துக்கு 93 என்றுதான் இருக்கிறது. அதற்கு முன் 80ம் 90ம். ஆனால் அந்தத் தரம் ஒழுங்காக இருக்கும் திரைக்கு எழுதியது. நம் பக்கம் 2006க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குலப் பெட்டிகள் இன்னும் சில வீடுகளில், கடைகளில் ஓடுகின்றன. செட்டாப் பாக்ஸில் இருந்து மஞ்சள் பின்னில் செருகிய பெட்டி எவ்வளவு வெட்டும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

மண்டபத்து அட்டையையே கணக்குப் போடுவோம். எழுத்து 96வது பிக்சலில் தொடங்கியது என்று வையுங்கள், தம்பி சொன்ன அதே 5 விழுக்காடு. அந்த அளவு எழுத்தில் ஓர் இலக்கம் சுமார் 60 பிக்சல் அகலம். ஆக முதல் ‘5’ முடிவது 156இல். பெட்டி இடப்பக்கம் 8 விழுக்காடு வெட்டினால் 154 பிக்சல் போய்விடும். முதல் 5 முழுசாகப் போகும், இரண்டாவது 5 முழுசாக நிற்கும். பாதி வெட்டுப்பட்டிருந்தால்கூட யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

இன்னொன்று கேளுங்கள். அட்டையின் பின்னணி வெள்ளையாக இருந்ததா? பழைய குழாய் டிவியில் உயர் அழுத்தம் தளர்ந்துபோயிருந்தால், திரை முழுக்க வெள்ளை வரும்போது படம் உப்பிக்கொள்ளும். ஓரம் இன்னும் வெளியே தள்ளும். கறுப்பு அட்டையில் தெரிந்த எழுத்து, அதே பெட்டியில் வெள்ளை அட்டையில் காணாமல் போகும். எடிட்டிங் மேசையில் இது ஒருநாளும் தெரியாது.

சொல் பற்றி: டிவி தானாக வெட்டுவதை நாங்கள் வேலையில் ‘ஓரவெட்டு’ என்றே சொல்லிவந்தோம். அதை வைத்துக்கொண்டு, அதற்குத் தப்பி எழுத்து நிற்கும் கோட்டை ‘எழுத்தெல்லை’ என்றும், ஆள் அசைவு நிற்கும் கோட்டைக் ‘காட்சியெல்லை’ என்றும் சொல்லலாம்.

அனுப்பியவர்: கீழக்கரை யூடியூப்

அஸ்ஸலாமு அலைக்கும். டைட்டில் பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். என் சமையல் வீடியோ தம்ப்நெயிலில் வலது கீழ் மூலையில் பிரியாணியின் பெயரைப் போட்டால் எப்போதும் மறைந்துவிடுகிறது. அந்த டைட்டிலுக்கு எவ்வளவு ஓரம் விட வேண்டும்?

அனுப்பியவர்: மண்டபம் எடிட்டர்

காக்கா, நாம் பேசுவது வீடியோவுக்குள் இருக்கும் எழுத்தைப் பற்றி. உங்களுடையதை மறைப்பது அங்கே வரும் நேரக் கணக்கு, அதாவது 12:40 என்று நிற்கும் சின்னக் கறுப்புப் பெட்டி. அந்த மூலையை மட்டும் காலியாக விட்டுவிடுங்கள்.

ஐயா, பின்னணி வெள்ளைதான்.

அனுப்பியவர்: தேவிபட்டினம் தம்பி

சரி ஐயா, பெட்டிக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்டியில் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? எல்லோரும் போனில்தான். போனில் ஓரவெட்டே கிடையாது.

அனுப்பியவர்: தங்கச்சிமடம் ஐயா

கிடையாதா? உங்கள் போனைப் படுக்கவைத்து வீடியோவைத் திரை நிரம்ப இரண்டு விரலால் விரித்துப் பாருங்கள். இப்போது நிறையப் போன்கள் 20:9. வீடியோ 16:9. அகலத்தை நிரப்ப 1.25 மடங்கு பெரிதாக்க வேண்டும், அப்போது உயரத்தில் தெரிவது 80 விழுக்காடுதான். 1080இல் மேலே 108, கீழே 108 போய்விடும். 54 பிக்சல் ஓரம் விட்ட கீழ்வரி மொத்தமாகப் போகும். தாத்தா காலத்து 80 கடைசியில் பேரன் போனுக்குச் சரியாக வந்து நிற்கிறது.

அகலத்துக்கு வேறு கணக்கு. சில செட்டாப் பாக்ஸ்கள் 4:3 பெட்டிக்கு நடுப்பகுதியை மட்டும் வெட்டி அனுப்பும். 1920இல் நடு 1440தான் போகும், பக்கத்துக்கு 240 அங்கேயே காலி. மீதியில் 80 விழுக்காடு எடுத்தால் 1152. ஆகவே இடம் வலம் 384, மேல் கீழ் 108. எல்லா அட்டைக்கும் இது வேண்டாம். கல்யாண வீடியோவுக்கு இவ்வளவு ஓரம் விட்டால் பெண் வீட்டார் சண்டைக்கு வருவார்கள். புயல் அட்டைக்கு இதுதான். சரிபார்க்க இது போதும்:

```
ffmpeg -i card.mp4 -vf "drawbox=x=384:y=108:w=1152:h=864:color=yellow:t=3" -c:a copy check.mp4
```

மஞ்சள் கட்டத்துக்கு வெளியே ஒரு இலக்கம்கூட நிற்கக் கூடாது.

அனுப்பியவர்: தொண்டி டீச்சர்

எனக்கு ஓரத்தைவிட எழுத்தின் அளவுதான் தொல்லை. பிள்ளைகளுக்கு அனுப்பும் பாட வீடியோவில் ‘மீன்’ என்பதை ‘மின்’ என்று படிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, போனை நிமிர்த்திப் பிடித்துத்தான் பார்க்கிறார்கள்.

அனுப்பியவர்: மண்டபம் எடிட்டர்

டீச்சர் சொல்வது எங்களுக்கும் நடக்கும். ‘மீன்துறை அறிவிப்பு’ என்பது ‘மின்துறை அறிவிப்பு’ ஆனால் கரண்ட் போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள்.

அளந்து பார்த்தேன். ஆறரை அங்குலப் போனை நிமிர்த்திப் பிடித்தால் வீடியோவின் உயரம் சுமார் 38 மில்லிமீட்டர். 54 பிக்சல் எழுத்து அங்கே 2 மில்லிமீட்டர்கூட வராது. தமிழில் இந்த மாதிரி எழுத்துகளின் வேறுபாடு எழுத்தின் உச்சியில் இருக்கிறது. ‘மீ’யின் சுழி, புள்ளி. அவை அந்த 2 மில்லிமீட்டரில் ஒரு சின்னப் பங்கு. 80 பிக்சல் வைத்தால் 2.8 மில்லிமீட்டர் வருகிறது, சுழி தெரிகிறது. ஆனால் 1152 அகலத்துக்குள் வரிக்குச் சுமார் 15 எழுத்துதான் பிடிக்கும். ஆக அட்டையை இப்படி மாற்றினேன்:

மன்னார் வளைகுடாவில்
காற்று 55 கி.மீ. வரை
கடலுக்குள் போக வேண்டாம்

எண் நடுவில் வந்துவிட்டது. இடப்பக்கம் வெட்டினால் முதலில் போவது ‘கா’தான், வலப்பக்கம் வெட்டினால் ‘ரை’தான்.

அனுப்பியவர்: தேவிபட்டினம் தம்பி

‘மணிக்கு’ என்பதை எடுத்துவிட்டீர்களே அக்கா. அறிவிப்பில் இருப்பதை நாம் மாற்றலாமா?

அனுப்பியவர்: தங்கச்சிமடம் ஐயா

கடலுக்குப் போகிறவர்களுக்கு ‘மணிக்கு’ இல்லாமலே புரியும். ஆனால் தம்பியின் கேள்வியும் நியாயமானது. அதை அறிவிப்புக் கொடுப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் முடிவு சொல்ல மாட்டேன்.

எழுத்துருவில் மெலிந்த கோடு உள்ளதை எடுக்காதீர்கள். 16:9 அட்டை 4:3 பெட்டியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு வந்தால், 1080 வரியும் 432 வரியாகச் சுருங்கும். 2 பிக்சல் படுக்கைக் கோடு ஒரு வரிக்கும் குறைவு. பழைய பெட்டி ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாற்றி மாற்றி வரைவதால் அந்தக் கோடு துடிக்கும். ‘ட’வின் அடிக்கோட்டைப் பாருங்கள், உடனே தெரியும். கோடு 5, 6 பிக்சலாவது இருக்கட்டும்.

அனுப்பியவர்: கீழக்கரை யூடியூப்

சரி, இப்போது புரிந்தது. நிறத்துக்கு என்ன? எங்கள் ஊரில் நீலத்தில் சிவப்பு எழுத்து போட்டால்தான் எடுப்பாக இருக்கிறது என்கிறார்கள்.

அனுப்பியவர்: தங்கச்சிமடம் ஐயா

கீழக்கரைத் தம்பி, சிவப்பும் நீலமும் கண்ணுக்கு வேறு வேறு, வெளிச்சத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். இணையத்துக்கான விதி சாதாரண எழுத்துக்கு 4.5 மடங்கு வெளிச்ச வேறுபாடு கேட்கிறது. சுத்தச் சிவப்பை சுத்த நீலத்தின் மேல் வைத்தால் 2.15தான். மஞ்சள் பின் வழியாகப் போகும் படத்தில் நிற விவரம் வெளிச்ச விவரத்தைவிட மிகக் குறைவாகவே போகும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பி நிற்கும் எழுத்து பக்கவாட்டில் இழுபட்டு ஊறிப்போகும். கறுப்பில் மஞ்சள் போடுங்கள், 19க்கு மேல் வரும். சிவப்பு வேண்டும் என்றால் பட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பியவர்: மண்டபம் எடிட்டர்

தனுஷ்கோடியில் உச்சிவெயிலில் எடுத்த காட்சிமேல் வெள்ளை எழுத்து போட வேண்டியிருந்தது. மணலும் வெள்ளை, வானமும் வெள்ளை. எழுத்துக்குப் பின்னால் 40 விழுக்காடு கறுப்புப் பட்டை வைத்தேன், வேறுபாடு 3.7 வந்தது. 60 விழுக்காட்டுக்கு ஏற்றியதும் 7. இதெல்லாம் அறைக்குள் கணக்கு. வள்ளத்தில் வெயிலில் போனைப் பிடித்தால் கண்ணாடி மினுக்கம் கறுப்பையும் வெளுக்க வைத்துவிடும். அதனால் எச்சரிக்கைக்கு முழுக் கறுப்பு அட்டைதான் வைக்கிறேன், அழகு போனால் போகட்டும்.

குறிப்பில் ஓரவெட்டு, எழுத்தெல்லை, காட்சியெல்லை மூன்றையும் எழுதிவிட்டேன். பசங்களில் ஒருவன் ‘எழுத்தெல்லை 384, 108’ என்று தானாகவே சொன்னான். ‘பாதுகாப்பு ஓரம்’ என்றால் ஓரத்துக்கு எதையோ பாதுகாப்பாக வைக்கச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் விட்டுவிட்டேன்.

அனுப்பியவர்: தேவிபட்டினம் தம்பி

எழுத்தெல்லைக்கு நானும் சரி. ஆனால் நிமிர்ந்த குறும்வீடியோவில் வலப்பக்கம் லைக், ஷேர் பொத்தான்களும், கீழே பெயரும் வந்து எழுத்தை மறைக்கின்றனவே. அது வெட்டு இல்லை, எழுத்து அங்கேதான் இருக்கிறது, மேலே வேறொன்று உட்கார்ந்திருக்கிறது. அதையும் ஓரவெட்டு என்றால் பசங்கள் குழம்புவார்கள். ‘மேல்மறைப்பு’ என்று சொல்லலாமா?

அனுப்பியவர்: தொண்டி டீச்சர்

‘மேல்மறைப்பு’ என்றால் திரையின் மேல்பக்கம் மறைகிறது என்று என் பிள்ளைகள் நினைப்பார்கள். வேறு யாராவது சொல்லுங்கள்.