ராத்திரிப் பாத்திரச் சண்டையை முடித்த என் மகளின் அட்டவணை

செங்கல்பட்டு அம்மா:
சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் யார் தேய்ப்பது என்று பல வருஷமாக எங்கள் வீட்டில் சண்டை. அவர் "நான்தானே தினமும் செய்கிறேன்" என்பார், நானும் அதையேதான் சொல்வேன். பதினோராம் வகுப்பு படிக்கிற மகள் ஒருநாள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். முதல் வாரம் யாருக்கும் எந்த வேலையும் ஒதுக்கவில்லை, யார் என்ன செய்தாலும் அவரவரே எழுத வேண்டும், அவ்வளவுதான். மாவுக்கு ஊறப்போட்டது, துணி மடித்தது, கேன் தண்ணீருக்குப் போன் செய்தது எல்லாம் அதில் வந்துவிட்டது. என் வரிசை நிரம்பி ஓரம்வரை போனதை அவர் நின்று படித்தார், அப்புறம் வாதாடவே இல்லை.

அடுத்து கிழமை வாரியாகப் பிரித்தாள். திங்கள் நான், செவ்வாய் அவர், புதன் மகள், வியாழன் மகன், வெள்ளி திரும்ப நான். அப்படிப் போட்டால் மகனுக்கு வாரத்தில் ஒரே நாள்தான், மகளுக்கோ பிரியாணிக் குண்டானோடு எல்லா ஞாயிறும். அதனால் கிழமையை விட்டுவிட்டு ஆள் வரிசையை மட்டும் நிற்காமல் ஓடவிட்டாள். ஞாயிறு மகள், அடுத்த ஞாயிறு அவர், அப்புறம் நான், அப்புறம் மகன். 28 நாளில் நாலு பேருக்கும் ஏழேழு முறை, ஆளுக்கு ஒரு ஞாயிறு. மாமியாருக்கு முட்டி வலி, அவர் காய் நறுக்குவதைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

கோவை வாசகி:
வேலைக்கு ஒரு அக்காவை வைத்துக்கொண்டால் தீர்ந்ததே? எங்கள் தெருவில் காலையில் மட்டும்தான் வருகிறார்கள், அதுதான் சிக்கல்.

தஞ்சை தம்பி:
கிழமை வாரியாகவே இருக்கட்டும், மாதம் ஒருமுறை ஆளை மாற்றினால் போதும்.

செங்கல்பட்டு அம்மா:
போதும்தான் தம்பி, ஆனால் ஒரு மாத ஞாயிறு முழுக்க ஒருத்தர் தலையில் விழுமே. மகன் முதல் வாரத்திலேயே கிழித்துப் போட்டிருப்பான்.

மதுரை சித்தப்பா:
இந்தச் சுற்று மூன்று, நாலு, ஐந்து, ஆறு பேருக்குத் தானாக நகரும். எங்கள் கூட்டுக் குடும்பத்தில் ஏழு பேர், கிழமையும் ஏழு, அதனால் ஒவ்வொருவரும் ஒரே கிழமையில் மாட்டிக்கொண்டோம். வாரம் முடிந்ததும் வரிசையை ஓர் ஆள் தள்ளிப் போட்டபிறகுதான் சரியாயிற்று. இன்னொன்று, பரீட்சைக்காக நாளை மாற்றிக்கொண்டால் அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சாக மாற்றினால் யார் யாருக்குக் கடன் என்று மறுபடி ஆரம்பிக்கும்.

செங்கல்பட்டு அம்மா:
அதை அவளும் பென்சிலால் எழுதச் சொல்லியிருக்கிறாள். ஆனால் சோப்பு தீர்ந்ததை, அரிசி குறைந்ததைக் கவனிக்கிற வேலையை யார் பேரில் போடுவது? அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, யாராவது போட்டிருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.