அன்னையர் தின நிகழ்ச்சிக்குப் பாட்டு வேண்டும்

காரைக்குடியில் எங்கள் தெரு சமுதாயக் கூடத்தில் மே 2-வது ஞாயிறு அன்னையர் தினம். முக்கால் மணி நேரத்துக்கு ஏழெட்டுப் பாட்டு வேண்டும். பாடப் போவது பெண்கள் மட்டும்.

இரண்டு சிக்கல். முன்வரிசையில் எண்பது வயது ஆச்சிமார்கள் உட்காருவார்கள். தேடினால் பாதிப் பாட்டு செத்துப்போன தாயை நினைத்து அழுவதாக இருக்கிறது. ‘ஆராரிராரோ’வை (ராம்) அதனால்தான் ஒதுக்கிவிட்டேன். ‘தாயில்லாமல் நாமில்லை’, ‘காலையில் தினமும்’ இரண்டும் சரி.

அடுத்தது சுருதி. ‘அம்மா என்றழைக்காத’ ஜேசுதாஸ் பாடியது. அவர் சுருதியிலேயே இருக்கும் கரோக்கியில் எங்கள் பெண்களுக்குச் சரணம் எட்டவில்லை, கீழே பாடினால் குரலே கேட்கவில்லை. ஐந்து கட்டையில் யாரிடமாவது இருக்கிறதா? நானே போனில் சுருதியை மாற்றிப் பார்த்தேன், நாகஸ்வரம் தகரம் மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் ஒரு தாலாட்டும் வேண்டும். எனக்குத் தெரிந்த ‘ஆரடிச்சு நீ அழுத’வில் மாமன், அத்தை எல்லாரும் வருகிறார்கள், ஆத்தாளைத்தான் காணோம்! ஆத்தாளைச் சொல்லும் நம் பக்கத்துத் தாலாட்டு உங்கள் வீட்டு ஆச்சி யாருக்காவது தெரிந்தால், போனில் பதிவு செய்து அனுப்புங்கள். நான்கு வரி போதும்.